மூன்று கோட்டு அணில்

ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறு ஊரில், மாடிவீட்டில் நடக்கிறது அந்த ட்யூஷன் சென்டர். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள். தெருமுனை போஸ்டர், யூடியூப் வீடியோ, நோட்டில் ஒட்டித் தரும் பரிசு ஸ்டிக்கர் மூன்றிலும் ஒரே உருவம் வர வேண்டும் என்று டீச்சர் கேட்டார். நான் முதலில் கொண்டுபோனது கண்ணாடி போட்ட ஆந்தை. வெளிநாட்டுப் படங்களில் அறிவுக்கு அடையாளம் ஆந்தைதான் என்பதால் வேறு யோசிக்கவே இல்லை.

“வாசல்ல ஆந்தை படம் மாட்டினா எந்த அம்மா பிள்ளையை அனுப்புவா, தம்பி?” என்றார் டீச்சர். அணிலைச் சொன்னதும் அவர்தான். மொட்டைமாடியில் தினமும் பார்க்கிற பிராணி. முதுகில் மூன்று கோடு இருந்தால் அது அணில் என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அறுபது சென்டிமீட்டர் உயரப் போஸ்டருக்காக வரைந்தேன். வாலில் முடி முடியாக, கட்டம் போட்ட சட்டை, தோளில் பை, பையில் பட்டன். போஸ்டரில் அழகாகத்தான் இருந்தது. அதையே மூன்று சென்டிமீட்டராகச் சுருக்கி ஸ்டிக்கர் தாளில் எடுத்துப் பார்த்தபோது வால் ஒரு கறையாகவும் சட்டை ஒரு சாம்பல் திட்டாகவும் நின்றது. கணக்கு எளிது. அறுபதில் இருந்து மூன்று என்றால் இருபதில் ஒரு பங்கு. போஸ்டரில் 2 மில்லிமீட்டர் இருந்த கோடு ஸ்டிக்கரில் 0.1 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. அச்சில் அது கிட்டத்தட்ட இல்லாத கோடு. ஸ்டிக்கரில் அரை மில்லிமீட்டராவது நிற்க வேண்டுமென்றால் போஸ்டரில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் வேண்டும்.

அதனால் போஸ்டரை மூடி வைத்துவிட்டு, தாளில் மூன்று சென்டிமீட்டர் கட்டம் போட்டு, மார்க்கர் பேனாவால் அதற்குள்ளேயே வரையத் தொடங்கினேன். தடித்த முனைக்கு முடி வரைய வராது, பட்டன் வைக்க வராது. எது தேவையில்லை என்பதைப் பேனாவே கழித்துத் தந்தது. உருண்டைத் தலை, இரண்டு காது, இரண்டு கண், குட்டி உடம்பு, வால், நெஞ்சில் ஓர் ‘அ’. தலையும் உடம்பும் சம உயரம். உள்ளே எல்லாவற்றையும் கறுப்பால் நிரப்பி நிழல் போல ஆக்கினாலும் இது அணில் என்று தெரிகிறதா என்று பார்த்தேன். வால் மேலே தூக்கி வளைந்து நின்றால் தெரிந்தது. உடம்பை ஒட்டிக் கிடந்தால் எலியாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் தலைகாட்டியது. அணிலின் அடையாளமே முதுகில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துப் பேசும் உருவமோ எப்போதும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். முதுகு தெரியாவிட்டால் கோடும் இல்லை, அணிலும் இல்லை. கோடுகளை நெற்றிக்குக் கொண்டுவந்தேன், காதுகளுக்கு நடுவே வெள்ளையாக மூன்று. டீச்சர் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “தம்பி, இது நாமம் போட்ட மாதிரி இருக்கு. எங்கிட்ட எல்லா வீட்டுப் பிள்ளையும் வருது.” குறுக்கே போட்டால் திருநீற்றுப் பட்டை. எப்படித் திருப்பினாலும் நம் ஊர்க் கண்ணுக்கு நெற்றிக்கோடு சமயச் சின்னம்தான். கடைசியில் கோடுகளை வாலில் வைத்தேன். வால் தலைக்குப் பக்கத்தில் காது உயரத்துக்கு எழுந்து நிற்கிறது, அதன் நீளத்துக்கு மூன்று வெள்ளைக் கோடு. நிஜ அணிலின் வால் அப்படி இருக்காது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கோடு கண்ணில் படுகிறது. இந்த ஒரு பொய்யை நான் தயங்காமல் வைத்துக்கொண்டேன்.

நிறத்தில் இரண்டு இடத்தில் அடிபட்டேன். திரையில் எரிகிற மாதிரி ஓர் ஆரஞ்சைத் தேர்ந்திருந்தேன், அச்சில் அது செங்கல் போல மங்கி வந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. ஒளியின் சில பளிச் நிறங்களுக்கு மை எட்டவே எட்டாது. எனவே மையில் வருகிற நிறத்தை முதலில் எடுத்துக்கொண்டு, திரைக்கு அதற்கு நெருக்கமானதைப் பொருத்துவதுதான் சரியான வழி. அச்சுக்கு `C0 M50 Y100 K0`, வீடியோவுக்கு `#F7941D` என்று எழுதி வைத்தேன். கோட்டுக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு மையையும் கலந்து கறுப்பு செய்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் கோட்டோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். ஃப்ளெக்ஸ் கடை மெஷின் வேறு, ஸ்டிக்கர் கடை மெஷின் வேறு என்பதால் எண் மட்டும் போதாது. சரியாக வந்த ஒரு தாளை வெட்டி இரு கடைக்கும் கொடுத்து, இதோடு ஒத்துப் பார்த்து அடியுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது அடி ஸ்டிக்கரில். ஒளி ஊடுருவும் தாளில் அடித்தால் அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். ஒரு சிறுமி அதை நீல டிபன் பாக்ஸில் ஒட்டிக் காட்டினாள். அணிலுக்குக் கண் நீலம், வாலின் கோடு நீலம். நாம் வெள்ளை என்று நினைப்பது பெரும்பாலும் தாளின் வெள்ளைதான், அந்தக் கடையில் வெள்ளை மையே கிடையாது. மறுபடி வெள்ளை வினைல் தாளில் அடித்தோம். உருவத்தைச் சுற்றி 2 மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் விட்டதில் இன்னொரு வசதி: வெட்டுக் கத்தி கொஞ்சம் விலகினாலும் காது போகாது, பிள்ளைகள் உரிக்கும்போது முனை கிழியாது.

வீடியோ செய்து தந்தவர் தெரிந்த பையன்தான். என் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே புதிதாக வரைந்திருந்தான். தலை சிறுத்திருந்தது, கையில் ஐந்து விரல் முளைத்திருந்தது. தவறு என்னுடையது, முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை அவன் ஊகத்துக்கு விட்டிருந்தேன். பிறகு ஒரே தாளில் முன், முக்கால், பக்கம், பின் என்று நான்கு நிலையையும் ஒரே உயரக் கோடுகளுக்கு நடுவே வரைந்து கொடுத்தேன். தலை, கை, கால், வால், கண், வாய் எல்லாம் தனித்தனி அடுக்கு. மூட்டு வரும் இடத்தில் கையை உருண்டையாக முடித்து உடம்புக்கு அடியில் சற்று உள்ளே நுழைத்தால்தான், கை ஆடும்போது இடைவெளி விழாது.

வாய்க்கு நம் எழுத்தே வழி காட்டியது. ‘ஆ’வுக்குத் திறந்த வாய், ‘ஈ’க்கு அகன்ற வாய், ‘ஊ’வுக்குக் குவிந்த வாய், ‘ப’, ‘ம’வுக்கு மூடிய வாய். இவற்றோடு ஒரு சிரிப்பு. இந்த ஐந்தை மாற்றி மாற்றி வைத்தே வாய்ப்பாடு முழுவதையும் அணில் ஒப்பித்துவிட்டது.

ஒன்றை மட்டும் டீச்சர்தான் பிடித்தார். அணில் இடமிருந்து வலம் ஓடும் காட்சிக்குப் படத்தை அப்படியே கண்ணாடி போலத் திருப்பியிருந்தான். நெஞ்சில் ‘அ’வும் திரும்பிவிட்டது. எழுத்துச் சொல்லித் தரும் இடத்தில் அது நிற்கக் கூடாது. அன்றே தாளில் சிவப்பு மையால் எழுதினேன்: வால் எந்தப் பக்கமும் வரலாம், ‘அ’ தனி அடுக்கு, அதைத் திருப்பக் கூடாது.

இப்போது பொங்கலுக்குக் கரும்பு பிடிக்கட்டுமா, விளையாட்டு விழாவுக்குத் தொப்பி போடட்டுமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. 1966 முதல் வரும் அமுல் சிறுமிக்கு நாட்டு நடப்புக்கேற்ப வேடம் மாறுகிறது, நீல முடியும் வட்டக் கண்ணும் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அணிலுக்கு மாறக் கூடாதவை நான்கு: தலையும் உடம்பும் சமம் என்ற அளவு, ஆரஞ்சு, தூக்கிய வால், அதில் மூன்று கோடு. கரும்பை எந்தக் கையிலும் கொடுங்கள், வாலை மட்டும் மறைக்காதீர்கள்.