நடுத்தர கார்டுக்கு எந்த மானிட்டர்?

“4060தானே சார்? ஃபுல் எச்டியே எடுத்துக்குங்க. குவாட் எச்டி இழுக்காது.” நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் மானிட்டர் வாங்கப் போனால், கடையில் பெரும்பாலும் இதுதான் பதிலாக வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு இது முழுக்கச் சரியான அறிவுரை. இன்று அதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், அடுத்த ஆறேழு வருடங்களுக்கு மனசுக்குப் பிடிக்காத திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். கார்டை மூன்று நான்கு வருடங்களில் மாற்றிவிடுவோம். மானிட்டரை அப்படி மாற்றுவதில்லை.

முதலில் சுமை எவ்வளவு என்று பார்ப்போம். ஃபுல் எச்டி திரையில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 பிக்சல்கள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். குவாட் எச்டியில் 2560-க்கு 1440. மொத்தம் சுமார் 36.9 லட்சம். அதாவது 1.78 மடங்கு. விளையாட்டு ஓடும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் கார்டு நிறம் கணக்கிட வேண்டும்.

அப்படியானால் வேகமும் 1.78 மடங்கு குறைந்துவிடுமா? குறையாது. கடைக்காரர் சொல்வதில் விட்டுப்போகிற முதல் விஷயம் இதுதான். ஒரு பிரேமைத் தயாரிக்கும் வேலை முழுவதும் பிக்சல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறுவதில்லை. பாத்திரங்களின் உருவத்தை அமைப்பது, நிழல்களுக்கான தனி வரைபடங்களைத் தயாரிப்பது போன்ற வேலைகள் எந்த ரெசல்யூஷனிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஃபுல் எச்டியில் நொடிக்கு 90 பிரேம் வருகிற ஒரு கனமான விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 90-ஐ 1.78-ஆல் வகுத்தால் 50 வரும். நடைமுறையில் 60-ஐ ஒட்டி நிற்பதுதான் வழக்கம். விளையாட்டுக்கு விளையாட்டு இது மாறும்.

இன்னொரு நிலைமையும் உண்டு. பழைய பிராசஸரோடு ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற ஒரு கார்டைச் சேர்த்திருந்தால், ஃபுல் எச்டியில் கார்டு தன் முழுத் திறனுக்கு வேலை செய்யாமல் பிராசஸருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். விளையாடும்போது கார்டின் பயன்பாடு 65, 70 சதவீதத்திலேயே நின்றால் அதுதான் அடையாளம். அப்படிப்பட்டவர் குவாட் எச்டிக்குப் போனால் பிரேம் வேகம் பெரிதாகக் குறையாது. சும்மா இருந்த திறன் கூடுதல் பிக்சல்களுக்குப் போய்விடும்.

இதையெல்லாம் கணக்காகச் சொல்வதைவிட, உங்கள் கார்டையே கேட்டுவிடலாம். குவாட் எச்டி மானிட்டர் வாங்காமலேயே குவாட் எச்டியில் உங்கள் விளையாட்டு எப்படி ஓடும் என்று வீட்டில் இருக்கும் ஃபுல் எச்டி திரையிலேயே சோதிக்க முடியும். இந்த வசதி பல வருடங்களாக டிரைவரிலேயே இருக்கிறது. கடைக்குக் கிளம்பும் முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

என்விடியா கார்டு என்றால் NVIDIA Control Panel-ஐத் திறந்து, Manage 3D settings-க்குள் DSR - Factors என்ற வரிக்குப் போங்கள். அதில் Legacy scaling என்ற தலைப்பின் கீழ் உள்ள 1.78x என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏஎம்டி கார்டு என்றால் அதன் மென்பொருளில் டிஸ்ப்ளே பகுதியில் Virtual Super Resolution என்பதை இயக்கினால் போதும். இப்போது விளையாட்டின் செட்டிங்ஸில் 2560 × 1440 என்ற ரெசல்யூஷன் புதிதாகத் தோன்றும். தோன்றாவிட்டால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் முதலில் அந்த ரெசல்யூஷனுக்கு மாறிவிட்டு விளையாட்டைத் திறங்கள். கார்டு 36.9 லட்சம் பிக்சல்களையும் உண்மையாகவே வரைந்து, பிறகு அதைச் சுருக்கி உங்கள் பழைய திரையில் காட்டும். கண்ணுக்குக் குவாட் எச்டி தெரியாது. ஆனால் கார்டு படும் பாடு கிட்டத்தட்ட அதேதான்.

சோதிக்கும்போது ஒரே இடத்தில், ஒரே வழியில் நடந்து பாருங்கள். சைபர்பங்க் 2077 போன்ற விளையாட்டுகளில் உள்ளமைந்த பெஞ்ச்மார்க்கே இருக்கிறது. முதலில் 1080-இல் ஒருமுறை, பிறகு 1440-இல் ஒருமுறை ஓட்டினால் போதும். சராசரி எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சராசரி 60 என்று காட்டிவிட்டு, கூட்டமான தெருவில் திடீர் திடீரென்று 25-க்கு விழுந்தால் அந்த 60-க்கு மதிப்பில்லை. என்விடியாவின் அளவீட்டுப் பலகையில் 1% Low என்று ஓர் எண் வரும். மிக மெதுவான பிரேம்களின் வேகத்தை அது சொல்கிறது. கையில் உணர்கிற திக்கல் அந்த எண்ணில்தான் தெரியும்.

அந்த எண் சராசரியைவிட வெகுவாகக் கீழே இருந்தால் முதல் சந்தேகம் கார்டின் நினைவகத்தின் மேல் விழ வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 இரண்டிலும் 8 ஜிபிதான். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 வேகத்தில் 4060-ஐவிடப் பின்தங்கினாலும் அதன் முதல் வடிவத்தில் 12 ஜிபி இருந்தது. புதிய பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்சர் தரத்தை உச்சத்தில் வைத்தால், 8 ஜிபி குவாட் எச்டியில் நிரம்பிவிடுவது உண்டு. நிரம்பினால் கார்டு கம்ப்யூட்டரின் பொது ரேமைக் கடன் வாங்கும். அது கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. டாஸ்க் மேனேஜரில் Dedicated GPU memory உச்சத்தைத் தொட்டு நிற்க, Shared GPU memory மட்டும் ஏறிக்கொண்டே போனால் நடப்பது இதுதான். சுவர்களும் முகங்களும் கொஞ்ச நேரம் மங்கலாக இருந்துவிட்டுப் பிறகு தெளிவாவதும் இதன் அறிகுறிதான். மருந்து எளிது: டெக்ஸ்சரை ஒரு படி குறையுங்கள். பெரும்பாலும் படத்தில் வித்தியாசமே தெரியாது, திக்கல் போய்விடும்.

சோதனையில் 60 பிரேம்கூடத் தேறவில்லை என்றால் கடைக்காரர் சொன்னது சரியாகிவிடுமா? இங்கேதான் சில ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இரண்டும் விளையாட்டைச் சிறிய அளவில் வரைந்து, முந்தைய பிரேம்களில் இருந்து கிடைக்கும் விவரங்களையும் சேர்த்துப் பெரிதாக்கித் தருகின்றன. குவாட் எச்டி திரையில் இதை Quality என்ற நிலையில் வைத்தால், கார்டு உண்மையில் வரைவது சுமார் 1707-க்கு 960 பிக்சல்கள்தான். மொத்தம் 16.4 லட்சம். ஃபுல் எச்டியை நேரடியாக வரைவதைவிட இது குறைவு! பெரிதாக்கும் வேலைக்குக் கொஞ்சம் நேரம் போகும். அதைக் கழித்தும், நம் உதாரணத்தில் 60-க்கு இறங்கிய விளையாட்டு மறுபடி 80-க்கு மேல் ஏற நல்ல வாய்ப்பு உண்டு. திரையில் தெரிகிற படமோ சாதாரண ஃபுல் எச்டியைவிடப் பெரும்பாலும் கூர்மையாகவே இருக்கும்.

இதே Quality-யை ஃபுல் எச்டி திரையில் போட்டால் கதை வேறு. அப்போது கார்டு வரைவது 1280-க்கு 720 மட்டும். பெரிதாக்குவதற்கு அடிப்படையாக இருக்கிற விவரமே குறைவு என்பதால் தலைமுடி, மின்கம்பி, தூரத்து இலைகள் எல்லாம் குழைந்துவிடும். ஆக, நடுத்தர கார்டுக்குக் கை கொடுக்கும் இந்தத் தொழில்நுட்பம் ஃபுல் எச்டியைவிடக் குவாட் எச்டியில்தான் நன்றாகப் பலன் தருகிறது. ஆர்டிஎக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். டிஎல்எஸ்எஸ் அளவுக்குப் பழைய எஃப்எஸ்ஆர் பதிப்புகள் மெல்லிய கோடுகளைத் தெளிவாகக் காப்பதில்லை.

ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். “முடியலைன்னா குவாட் எச்டி மானிட்டரில் 1080 வச்சு ஓட்டிக்கலாம்” என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும், ஆனால் மங்கலாக ஓடும். ஃபுல் எச்டியின் ஒரு பிக்சலைக் குவாட் எச்டி திரையில் ஒன்றே கால் சொச்சம் பிக்சலில் பரப்ப வேண்டியிருக்கிறது. முழு எண்ணில் அடங்காததால் ஓரங்கள் பக்கத்துப் புள்ளிகளில் கசியும். எழுத்துகளில் இது பளிச்சென்று தெரியும். ரெசல்யூஷனை 1440-லேயே வைத்துவிட்டு டிஎல்எஸ்எஸ்-ஐயோ எஃப்எஸ்ஆர்-ஐயோ பயன்படுத்துவதுதான் சரியான வழி.

இனி அளவு. கண்ணுக்குத் தெரிவது ரெசல்யூஷன் அல்ல, ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு பெரியது என்பதுதான். 24 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு பிக்சல் சுமார் 0.28 மில்லிமீட்டர். 27 அங்குலத்திலும் அதே ஃபுல் எச்டி என்றால் 0.31. அதே 27 அங்குலத்தில் குவாட் எச்டி என்றால் 0.23. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது 0.31 நன்றாகவே உறுத்தும். தமிழில் படிக்கிறவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. சிறிய எழுத்தில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டிவரும். பகலில் எழுதவும் படிக்கவும், இரவில் விளையாடவும் ஒரே திரை என்கிற வீடுகளில் இதற்கு நிறையவே மதிப்பு கொடுக்க வேண்டும். இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து வேலை செய்யும் இடவசதியும் குவாட் எச்டியில் தாராளம்.

ஃபுல் எச்டிதான் சரி என்று சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் நொடிக்கு 200 பிரேமுக்கு மேல் வேண்டும் என்று தீவிரமாக ஆடுகிறவர் 24 அங்குலத்தில் வேகமான ஃபுல் எச்டி திரையையே வாங்கலாம். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டில் இருப்பவர்களும் அப்படியே. அதில் டிஎல்எஸ்எஸ் கிடையாது, நினைவகம் 4 ஜிபிதான்.

குவாட் எச்டி என்று முடிவானால், ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நடுத்தர கார்டில் பிரேம் வேகம் 60-க்கும் 90-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். திரை அதற்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொண்டால்தான் படம் கிழியாமல் வரும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணையுங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிளும் போர்ட்டும் 1440-இல் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடக்கூடும். விண்டோஸின் Advanced display பகுதியில் திரையின் முழு வேகத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் 60-இல் ஓட்டுபவர்கள் உண்டு.

என் தீர்ப்பு இது: 4060, 7600 அளவிலான கார்டு, கதை விளையாட்டுகள், கூடவே எழுத்து வேலை என்றால் 27 அங்குலக் குவாட் எச்டி. போட்டி விளையாட்டு மட்டும், அல்லது கையில் பணம் குறைவு என்றால் 24 அங்குல ஃபுல் எச்டி. மேசையில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, 27 அங்குலத்தில் ஃபுல் எச்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.