வாய் பிளந்த பிகாச்சு யாருடைய முகம்?

2019 ஜூன் 12. இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் மோதிய உலகக் கோப்பை ஆட்டம். டேவிட் வார்னரின் கேட்சை ஆசிஃப் அலி நழுவவிட்டதும் கேமரா ஒரு பாகிஸ்தான் ரசிகர் மீது போய் நின்றது. அவர் கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றியபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு மைதானத்தையே பார்த்தார். சில நொடிகள்தான். அந்தப் படம் இன்றும் உலகம் முழுக்க கமெண்டுகளில் பதிலாக விழுந்துகொண்டிருக்கிறது. கீழே ஒரு சொல்கூட எழுத வேண்டியதில்லை. 'உன்னிடமிருந்து இதையா எதிர்பார்த்தேன்?' என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

இதே அளவுக்குப் புகழ்பெற்ற இன்னொரு படம் பிகாச்சு. 1997இல் தொடங்கிய போகிமான் கார்ட்டூன் தொடரில் வரும் மஞ்சள் நிறக் குட்டி உருவம், வட்டமாக வாயைப் பிளந்து நிற்கும் காட்சி. 2018இல் யாரோ அதை வெட்டியெடுத்து மீமாக்க, சில வாரங்களில் எங்கும் பரவியது. பார்த்தால் அது வியப்பு, மற்றது ஏமாற்றம், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் கமெண்டில் இவை இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

முகத்தின் இயக்கங்களைத் தசை தசையாகப் பிரித்து எண் கொடுத்தவர்கள் பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்ற இரு உளவியலாளர்கள். 1978இல் வெளியான அவர்களின் முறைப்படி, வியப்புக்கு நான்கு அசைவுகள் உண்டு. புருவத்தின் உள்முனை உயரும், வெளிமுனை உயரும், மேலிமை சற்றே விரியும், தாடை தளர்ந்து கீழே இறங்கும். பயத்திலும் இதே அசைவுகள் வரும். ஆனால் அப்போது புருவங்கள் ஒன்றையொன்று நெருங்கும், உதடு பக்கவாட்டில் இழுபடும். பிகாச்சுவுக்குப் புருவமே கிடையாது. நான்கில் மிஞ்சுவது திறந்த வாய்தான். அது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே வியந்துபோகிறவர்கள் பெரும்பாலும் வாயைப் பிளப்பதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ரெய்னர் ரைசென்சைனும் அவருடைய குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் ஆட்களைத் திடீரென்று வியப்பில் ஆழ்த்தி, முகத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். 2006இல் வெளியான அந்த முடிவுகளின்படி, முகத்தில் வியப்பின் அடையாளம் தெரிந்தது ஒவ்வொரு சோதனையிலும் 4 முதல் 25 சதவீதம் பேரிடம்தான். வியந்ததாக அவர்களே சொன்னார்கள். முகம் மட்டும் பெரும்பாலும் சும்மா இருந்தது. ஆக, பிளந்த வாய் என்பது உள்ளே நடப்பதன் தானான கசிவு என்பதைவிட, மற்றவருக்குக் காட்டுவதற்கென்று நாம் வைத்திருக்கும் அடையாளம் என்பதே பொருந்தும். நிஜ வியப்பு நொடியில் கலைந்துவிடும். படத்தில் உறைந்துபோன வியப்போ கலைவதே இல்லை. அதனால்தான் அது நடிப்பாகத் தெரிகிறது. கேலிக்கு அது வாகாக அமைவதும் அதனால்தான்.

ஒருவர் இப்படிப் பதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடிய வெப் சீரிஸ் பார்த்தேன். ரிசல்ட் வந்துடுச்சு. ஃபெயில்.' கீழே ஒருவர் பிகாச்சுவைப் போடுகிறார். அவர் வியந்துபோனார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வாய் பிளந்த முகம் பதிவிட்டவருடையது. 'படிக்காமல் போனால் ஃபெயில் ஆவோம் என்று தெரியாத மாதிரி முழிக்கிறாயே' என்பதுதான் செய்தி. அடுத்தவர் டான்டன் ரசிகரைப் போடுகிறார். இந்த முகம் போட்டவருடைய முகம். 'நீ தேறிவிடுவாய் என்று நம்பியிருந்தேனே' என்கிறது. மூன்றாமவர் ஒரு ஜிஃப் போடுகிறார்: ஒரு வெள்ளைக்கார இளைஞர் தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்து, கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்க்கிறார். 2013இல் ஒரு வீடியோ கேம் ஒளிபரப்பில் பதிவாகி, 2017இல் பரவிய காட்சி அது. அதுவும் போட்டவருடைய முகம்தான். ஆனால் அதில் நம்பிக்கை உடைந்த வருத்தம் கிடையாது. 'நான் படித்தது சரிதானா? இதை வெளியே வேறு சொல்கிறாயா?' என்ற கேள்விதான் இருக்கிறது.

அடுத்தவர் முகத்தை நாம் அணிந்து காட்டுவது இணையம் கொண்டுவந்த வழக்கமல்ல. கனடாவைச் சேர்ந்த ஜேனட் பாவலாஸ் குழுவினர் 1986இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஏற்கெனவே அடிபட்டதுபோல் கட்டுப்போட்ட விரல் மீது ஒருவர் கனமான டிவியைத் தவறவிடுவதுபோல் நடிப்பார். பார்ப்பவர்களின் முகம் வலியில் சுருங்கும். அடிபட்டவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சுருக்கம் நீடித்தது. அவர் வேறு பக்கம் திரும்பியிருந்தால் சீக்கிரமே மறைந்தது. வலி அவருடையது, அதைக் காட்டும் முகம் இவருடையது, அதுவும் அவர் கண்ணில் படும்படி. பிகாச்சு செய்வதும் அதேதான். அங்கே பரிவுக்காகச் செய்ததை இங்கே கிண்டலுக்காகச் செய்கிறோம்.

ஏமாற்றத்தின் சங்கதி வேறு. எக்மன் வகுத்த அடிப்படை உணர்ச்சிகளான மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறில் ஏமாற்றம் இல்லை. அதற்கென்று தசைகளின் தனிக் கூட்டணியும் இல்லை. டான்டன் படத்தில் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் காட்டினால் கோபம், யோசனை, வெயிலில் கண் கூசுவது என்று எதை வேண்டுமானாலும் சொல்லக்கூடும். அர்த்தத்தைத் தாங்குவது இடுப்பில் ஊன்றிய கைகள்.

இது வெறும் ஊகமும் அல்ல. 2012இல் 'சயன்ஸ்' இதழில் ஹிலெல் அவீசர் குழுவினர் எழுதிய ஆய்வில், டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற, இழந்த கணங்களின் படங்களைப் பயன்படுத்தினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வென்றது யார், தோற்றது யார் என்று பிரிக்க முடியவில்லை. முகமே இல்லாமல் உடலை மட்டும் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். வென்றவரின் முகத்தைத் தோற்றவரின் உடலில் ஒட்டினால், அது தோற்ற முகமாகவே தெரிந்தது. இதில் சுவாரசியம், உடலிலிருந்து படித்த அர்த்தத்தை முகத்திலிருந்தே படித்ததாகப் பலர் நம்பியதுதான்.

தமிழ் கமெண்டுகளில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. இங்கே டெம்ப்ளேட் என்றால் வடிவேலுவும் கவுண்டமணியும்தான். வடிவேலு திகைத்து நிற்கும் ஒரு படம் எழுத்தில்லாமல் வந்தாலும், பார்க்கிறவர் மனசுக்குள் அந்த வசனம் ஓடிவிடும். முகமும் உடலும் பாதி, நினைவிலிருக்கும் காட்சி மீதி. படத்தைப் பார்க்காதவருக்கு அது வெறும் திருதிருவென்று விழிக்கும் முகம். டான்டன் ரசிகர் மொழி தெரியாதவரிடமும் செல்லுபடியாவதற்கும், வடிவேலு நம்மவர்களிடம் மட்டும் செல்லுபடியாவதற்கும் காரணம் இந்த வேறுபாடுதான்.

தவறு நேர்வது பெரும்பாலும் முகம் யாருடையது என்ற இடத்தில்தான். தன் வேலை போய்விட்டதை ஒருவர் எழுதுகிறார். 'எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து நண்பர் ஒருவர் பிகாச்சுவைப் போட்டால், அது 'இதுகூட உனக்கு முன்பே தெரியாதா' என்று போய்ச் சேரும். அதேபோல ஏமாற்ற முகத்தைப் போட முன்பே ஓர் உறவு வேண்டும். எதையும் எதிர்பார்த்திராத அந்நியர் அதைப் போட்டால், கேட்கிற உரிமை இல்லாதவரின் கண்டிப்பாகத்தான் தெரியும். பழக்கமில்லாதவரின் பதிவுக்குக் கீழே கண்ணைக் கொட்டும் இளைஞர்தான் ஆபத்து குறைந்தவர். அவர் எதிராளியின் முகத்தையும் அணிவதில்லை, எதிராளியிடம் எதையும் எதிர்பார்த்திருக்கவும் இல்லை.