பழைய சக ஊழியருக்கு மீண்டும் எழுதும்போது

ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் நிறுவனம் மாறியதும் பேச்சை நிறுத்திவிடுவது பெரும்பாலும் மனக்கசப்பால் அல்ல. தினமும் பேச வைத்த வேலை இல்லாமல் போகிறது. அதோடு பேச்சும் நின்றுபோகிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவரிடம் ஒரு விவரம் கேட்க வேண்டியிருந்தால், ‘காரியம் ஆக வேண்டும் என்றதும் ஞாபகம் வந்துவிட்டதா’ என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் தடுக்கிறது.

அந்தக் கூச்சம் நிலைமையை மிகைப்படுத்துகிறது. லெவின், வால்டர், மர்னிகன் ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நிர்வாகிகள் குறைந்தது மூன்று ஆண்டுகளாகத் தொடர்பு விட்டுப்போனவர்களை அழைத்துத் தங்கள் வேலை குறித்து ஆலோசனை கேட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வேறு இடங்களில் பழகியிருந்ததால் புதிய தகவல் கிடைத்தது. பழைய நம்பிக்கையும் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. பெகி லியுவும் உடன் ஆய்ந்தவர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்பாராமல் நலம் விசாரிப்பவர் நினைப்பதைவிட, விசாரிக்கப்படுபவர் அதிகம் மகிழ்கிறார் என்று காட்டியது.

அப்படியானால் சில அழைப்புகள் ஏன் கசக்கின்றன? உதவி கேட்டதால் அல்ல, கேட்கப்போவதை ஒளித்ததால். “ஹாய், எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் ஒரு செய்தி வரும். குழந்தைகள், உடல்நலம் என்று இரண்டு நாள் விசாரிப்பு நடக்கும். மூன்றாம் நாள் “ஒரு சின்ன உதவி” என்று விஷயம் வெளிவரும். அந்த நொடியில் முந்தைய விசாரிப்பு முழுவதும் பொய்யாகத் தெரிகிறது. கடனுக்கும் காப்பீட்டு பாலிசிக்கும் இப்படித் தூண்டில் போடப்பட்டுப் பலரும் பார்த்திருக்கிறார்கள். எனவே வெறும் “ஹாய்” வந்தாலே சந்தேகம் எழுகிறது. காரணத்தை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுவதுதான் இதற்கு மாற்று.

திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் இளைஞருக்கு ஒரு பையிங் ஹவுஸில் வேலை கிடைக்கும் நிலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு அவரோடு வேலை செய்த மூத்தவர் ஒருவர் ஏற்கெனவே அப்படி மாறிப்போனவர். இருவரும் பேசி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தன் பெயரைச் சொல்லிவிட்டு அவர் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்:

“வணக்கங்கண்ணா. சாம்பிள் செக்‌ஷன்ல உங்ககூட வேலை பார்த்தவன். பேசி ரொம்ப வருஷமாச்சு. போன வாரம் ஒரு ஷிப்மெண்ட்ல கார்ட்டன் கணக்கு தப்பிப்போச்சு. பேக்கிங் லிஸ்ட்டை எப்படி வரி வரியா சரிபார்க்கறதுன்னு நீங்க சொல்லிக்கொடுத்ததாலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது. ஒரு விஷயம் கேக்கத்தான் எழுதறேன். எனக்கு ஒரு பையிங் ஹவுஸ்ல வேலை வருது. ஃபேக்டரில இருந்து போறவங்களுக்கு அங்க எது கஷ்டமா இருக்கும்னு பத்து நிமிஷம் சொல்ல முடியுங்களா? இப்ப வேலை நெருக்கடியா இருந்தா பரவாயில்லைங்கண்ணா.”

இதில் மௌனத்துக்கு ஒரு வரிதான். பேசாமல் இருந்தது இருவருமே என்பதால் நீண்ட மன்னிப்பு தேவையில்லை. அது மறுமுனையில் இருப்பவரைச் சமாதானம் சொல்ல வைத்துவிடும். கார்ட்டன் நினைவு வேறு யாருக்கும் அனுப்ப முடியாதது. பத்துப் பேருக்கு ஒரே செய்தி போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நினைவு உண்மையாக இருக்க வேண்டும். புனைந்த பாராட்டு உடனே பிடிபடும். கடைசி வரி மறுப்பதற்கு வழி விடுகிறது.

கேட்பதன் அளவும் முக்கியம். தனக்குத் தெரிந்ததைச் சொல்ல எவராலும் முடியும். வேலைக்குப் பரிந்துரைப்பது அப்படியல்ல. அதில் பரிந்துரைப்பவரின் பெயரும் பணயமாகிறது. ஆறு ஆண்டுகளாக ஒருவரின் வேலையைப் பார்க்காதவர் அவருக்காக உறுதி சொல்லத் தயங்குவது நியாயமே. முதலில் விவரம் கேட்டு, பேச்சு நன்றாக நடந்த பின் மட்டுமே பரிந்துரை பற்றிப் பேசலாம். பணம் கேட்பதற்கு இந்த வழி பொருந்தாது. விட்டுப்போன தொடர்பு அதைத் தாங்காது.

பதில் வராவிட்டால் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையே என்று கேட்கக் கூடாது. இரண்டாம் முறையும் பதில் இல்லையென்றால் அதோடு விட்டுவிடுவதே மரியாதை.

பதில் வந்த பிறகுதான் உண்மையான சோதனை. ஆலோசனை வாங்கியவர் வேலையில் சேர்ந்தாரா, இல்லையா என்பதைக்கூடச் சொல்லாமல் மறைந்துவிட்டால், அது காரியத்துக்காக வந்த அழைப்பு என்பது உறுதியாகிவிடும். முடிவு எதுவானாலும் இரண்டு வரியில் தெரிவிக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து, எதுவும் கேட்காத ஒரு செய்தியும் போக வேண்டும்.