12 ரூபாய் டிவிடெண்டுக்கு 400 ரூபாய் தரலாமா?

‘600 சதவீதம் டிவிடெண்ட்’ என்ற செய்தியைப் பார்த்ததும் சிலருக்கு அந்தப் பங்கை உடனே வாங்கிவிடத் தோன்றும். அந்தச் சதவீதத்தைப் பங்கின் சந்தை விலையில் கணக்கிடுவதில்லை, முகமதிப்பில் கணக்கிடுகிறார்கள். முகமதிப்பு 2 ரூபாய் என்றால், 600 சதவீதம் என்பது பங்குக்கு 12 ரூபாய். அந்தப் பங்கு சந்தையில் 400 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 3 சதவீதம்தான் கைக்கு வருகிறது. வங்கியில் போட்டாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமே! பிறகு ஏன் 400 ரூபாய் கொடுக்கிறார்கள்?

அந்த 12 ரூபாய் ஆண்டுதோறும் வளரும் என்று நம்புகிறார்கள். எவ்வளவு வளரும் என்று நம்பினால் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதைச் சொல்கிற கணக்குதான் டிவிடெண்ட் தள்ளுபடி முறை.

1938இல் ஜான் பர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை விரிவாக எழுதினார். பங்கை வாங்கி, விற்காமலே வைத்திருப்பவருக்கு நிறுவனத்திடமிருந்து கிடைப்பது டிவிடெண்ட் மட்டுமே. விற்றாலும், வாங்குகிறவர் தமக்கு இனி வரப்போகும் டிவிடெண்டை எண்ணித்தான் விலை தருகிறார். ஆகவே வரப்போகும் டிவிடெண்டுகள் எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால், அதுவே பங்கின் மதிப்பு. முடிவில்லாத அந்தக் கூட்டலை ஒரே வரியில் அடக்கும் வடிவத்தை மைரன் கார்டனும் ஈலை ஷபீரோவும் 1956இல் வெளியிட்டனர். டிவிடெண்ட் ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் வளரும் என்று கொண்டால் போதும்:

```
P = D1 / (r − g)
```

P என்பது பங்கின் மதிப்பு. D1 அடுத்த ஆண்டு வரும் டிவிடெண்ட். r நாம் இந்தப் பணத்துக்கு எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம். g டிவிடெண்டின் வளர்ச்சி விகிதம்.

நம் 12 ரூபாய் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். இது கற்பனை நிறுவனம். எண்களை மட்டும் கவனித்தால் போதும். அரசுக் கடன் பத்திரம் 7 சதவீதம் தருகிறது என்றும், பங்கில் இருக்கும் ஆபத்துக்காக அதற்கு மேல் 5 சதவீதம் வேண்டும் என்றும் வைத்தால், r 12 சதவீதம். வளர்ச்சி 7 சதவீதம். இந்த ஆண்டு கொடுத்தது 12 ரூபாய் என்பதால் அடுத்த ஆண்டு வருவது 12.84 ரூபாய். பலர் இங்கேதான் தவறுகிறார்கள், கொடுத்து முடித்த 12 ரூபாயையே சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். அது ஏற்கெனவே யாரோ ஒருவர் கைக்குப் போய்விட்டது. நாம் வாங்குவது இனி வருவதை.

12.84ஐ 0.05ஆல் வகுத்தால் 256 ரூபாய் 80 காசு.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாண்டின் 12.84 ரூபாய், 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால், இன்று 11.46 ரூபாய். இரண்டாமாண்டு டிவிடெண்ட் 13.74 ஆக வளர்ந்திருக்கும். ஆனால் இரண்டாண்டு காத்திருக்க வேண்டியிருப்பதால் இன்றைய மதிப்பு 10.95 மட்டுமே. கைக்கு வரும் தொகை கூடிக்கொண்டே போக, அதன் இன்றைய மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அதனால்தான் முடிவில்லாமல் கூட்டினாலும் ஓர் எல்லைக்குள் நிற்கிறது. முதல் பத்தாண்டு டிவிடெண்டுகளைக் கூட்டினால் சுமார் 94 ரூபாய்தான் வருகிறது. மீதி 163 ரூபாய் பத்தாம் ஆண்டுக்கு அப்பால் இருக்கிறது. பங்கின் மதிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, யாருமே தெளிவாகப் பார்க்க முடியாத தொலைவில் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கைப் போடுகிற எவரும் மறக்கக் கூடாது.

வளர்ச்சியைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். 6 சதவீதம் என்றால் மதிப்பு 212 ரூபாய். 8 என்றால் 324. 9 என்றால் 436. மூன்றே புள்ளி உயர்வில் மதிப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. வகுக்கும் எண்ணான r − g சிறுத்துக்கொண்டே போவதுதான் காரணம். g வளர்ந்து r-ஐத் தொட்டால் விடையே கிடையாது. தாண்டினால் மதிப்பு கழித்தல் குறியில் வரும். அப்படி வந்தால், என்றென்றும் நீடிக்க முடியாத வளர்ச்சியைப் போட்டிருக்கிறோம் என்று பொருள். நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு நிறுவனம் காலமெல்லாம் வளர முடியாது. வளர்ந்தால் ஒருநாள் நாடே அந்த நிறுவனமாகிவிடும்.

இதனால் இந்தச் சூத்திரத்தை விலை சொல்லும் கருவியாக நான் நம்புவதில்லை. ஆனால் திருப்பிப் போட்டால் அது மிக நல்ல கேள்வியைக் கேட்கிறது. சந்தை 400 ரூபாய் கொடுக்கிறது. டிவிடெண்ட் 12 ரூபாய். R 12 சதவீதம். அப்படியானால் g எவ்வளவு? கணக்குப் போட்டால் சுமார் 8.74 சதவீதம். 400 ரூபாய் கொடுக்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, டிவிடெண்ட் ஆண்டுதோறும் இந்த வேகத்தில் முடிவில்லாமல் வளரும் என்று பந்தயம் கட்டுகிறார்.

பந்தயம் நியாயமானதா என்பதை ஆண்டறிக்கையில் பார்க்கலாம். நம் நிறுவனம் பங்குக்கு 20 ரூபாய் லாபம் ஈட்டி 12 ரூபாயைக் கொடுத்துவிட்டு 8 ரூபாயை, அதாவது 40 சதவீதத்தை, தொழிலில் திரும்பப் போடுகிறது. பங்குதாரர் மூலதனத்தில் அது ஈட்டுவது 17.5 சதவீதம் என்று வையுங்கள். 40 சதவீதத்தை 17.5 சதவீதத்தால் பெருக்கினால் 7 சதவீதம். வெளியிலிருந்து புதுப் பணம் வராமல், தன் லாபத்தை மட்டுமே கொண்டு இந்த நிறுவனம் வளரக்கூடிய வேகம் அதுதான். 8.74 வேண்டுமென்றால் மூலதனத்தில் ஈட்டுவது ஏறக்குறைய 22 சதவீதமாக உயர வேண்டும். உயர்ந்து அங்கேயே நிற்கவும் வேண்டும்.

இன்னும் கொஞ்சம் லாபத்தை நிறுத்திவைத்து வளர்ந்தால் என்ன? பாதி லாபத்தை நிறுத்தினால் வளர்ச்சி 8.75 ஆகிவிடும்தான். ஆனால் டிவிடெண்ட் 10 ரூபாயாகக் குறைந்துவிடுகிறதே! சூத்திரத்தில் போட்டால் மதிப்பு 335 ரூபாய்க்குள்தான் நிற்கிறது. 257 ரூபாயைவிட அதிகம். நிறுத்திவைத்த பணம் நாம் கேட்கும் 12 சதவீதத்தைவிடக் கூடுதலாக, 17.5 ஈட்டுவதால் வந்த லாபம் அது. ஆனாலும் 400ஐ எட்டவில்லை. வளர்ச்சியை மட்டும் உயர்த்திவிட்டு டிவிடெண்டைத் தொடாமல் விடுகிற கணக்குகளை நிறையப் பார்க்கலாம். அவற்றில் ஒரே ரூபாய் இரண்டு முறை செலவாகியிருக்கும்.

சூத்திரத்தில் போடும் டிவிடெண்டும் வழக்கமானதாக இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் டிசிஎஸ் நிறுவனம் 8 ரூபாய் இடைக்கால டிவிடெண்டுடன் 67 ரூபாய் சிறப்பு டிவிடெண்டும் அறிவித்தது. அந்த 67 ரூபாயையும் சேர்த்து ஆண்டுதோறும் வளர்த்தால் கிடைக்கும் மதிப்புக்கு அர்த்தமே இல்லை. வாரன் பஃபெட் நடத்திய பெர்க்‌ஷயர் ஹாத்தவே 1967க்குப் பிறகு டிவிடெண்டே கொடுத்ததில்லை. அங்கே இந்தச் சூத்திரத்துக்கு வேலையில்லை. நிலையான லாபமும் பல ஆண்டுகளாக ஒரே மாதிரியான டிவிடெண்ட் வழக்கமும் உள்ள நிறுவனங்களுக்கே இது பொருந்தும். இரும்பு, சர்க்கரை போல ஒரு ஆண்டு ஏறி மறு ஆண்டு இறங்கும் தொழில்களில், நல்ல ஆண்டின் டிவிடெண்டைப் போட்டால் மதிப்பு வானத்துக்குப் போய்விடும்.

ஆகவே 400 ரூபாய் கேட்கும் அந்தப் பங்கை வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கடந்த பத்தாண்டு அறிக்கைகளில் மூலதனத்தில் ஈட்டியது எந்தெந்த ஆண்டில் 22 சதவீதத்தைத் தொட்டது, எத்தனை ஆண்டு அங்கே நின்றது என்று.