பாவு மீட்டரா, மடிப்பு மீட்டரா?

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் ஆகிய ஊர்களின் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியும், அதைவிட நெருக்கம் குறைந்த காஸ் துணியும் பெரும்பாலும் கூலி முறையில் உருவாகின்றன. உற்பத்தியாளர் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் கொடுக்க, தறி உரிமையாளர் அதைத் துணியாக்கித் திருப்பிக் கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி பெறும் இந்த ஏற்பாட்டில், விலையும் கெடுவும் தொலைபேசியிலோ நூல் இறங்கும் இடத்திலோ வாய்ச்சொல்லாகவே முடிவாகிவிடுவது வழக்கம். வாய்ச்சொல்லால் ஆன உடன்பாடும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லும் என்பதால், அதை எழுத்தில் உறுதிசெய்வதன் நோக்கம் உடன்பாட்டுக்கு உயிர் கொடுப்பதன்று. இருவரும் ஒன்றையே பேசினார்களா என்பதை நினைவு மங்குவதற்கு முன் பார்த்துக்கொள்வதுதான்.

இருவரும் நேர்மையாகப் பேசியும் இருவேறு பொருள் கொள்வதற்குத் தறித்தொழிலே நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. பாவு நூல் ஒவ்வோர் ஊடை இழையையும் மேலும் கீழுமாக வளைந்து கடக்க வேண்டியிருப்பதாலும், தறியின் இழுவிசையிலிருந்து விடுபட்ட துணி சற்றே சுருங்குவதாலும், 1,000 மீட்டர் பாவிலிருந்து 1,000 மீட்டர் துணி கிடைப்பதில்லை. ஐந்து பாவுக்கு மீட்டருக்கு 3 ரூபாய் கூலி என்று பேசப்பட்டதாகவும், நீளக் குறைவு நூற்றுக்கு நான்கு என்றும் கணக்குக்காக வைத்துக்கொண்டால், பாவின் 5,000 மீட்டருக்கு 15,000 ரூபாய் வரும் என்று தறிக்காரர் எதிர்பார்க்க, மடித்து அளந்த 4,800 மீட்டருக்கு 14,400 ரூபாய் என்று உற்பத்தியாளர் கணக்கிடுவார். ‘மீட்டருக்கு மூன்று ரூபாய்’ என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லாத நிலையிலும் 600 ரூபாய் இடிக்கிறது. அந்த வேறுபாடு கூலி கொடுக்கும் நாளில் வெளிப்படும்போது ஒவ்வொருவருக்கும் மற்றவர் சொல் மாறியவராகத் தோன்றுகிறார். நம்பிக்கை உண்மையில் குலைவது இங்கேதான் என்பதால், எழுதிக் கேட்பதை அவநம்பிக்கையின் அடையாளமாகக் கொள்வது பொருத்தமற்றது.

இதே வாய்ச்சொல்லில் தவணையும் அடங்கியிருக்கும்போது சட்டம் குறுக்கே வருகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டம், ‘உத்யம்’ பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் கொடுத்த பொருளுக்கோ செய்த வேலைக்கோ, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தரவேண்டும் என்றும், அத்தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது என்றும், எழுத்தில் உடன்பாடு இல்லாவிடில் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாள்தான் கெடு என்றும் வகுக்கிறது. தறிக்கூடம் அவ்வாறு பதிவு பெற்றதாகவும், துணி ஜூன் 1ஆம் தேதி ஏற்கப்பட்டதாகவும், 30 நாள் தவணை வாய்ப்பேச்சாக மட்டும் நின்றதாகவும் கொண்டால், ஜூலை தொடக்கம் வரை நேரம் இருப்பதாக எண்ணும் உற்பத்தியாளர் சட்டத்தின் பார்வையில் ஜூன் நடுப்பகுதியிலேயே தவறியவராகிவிடுகிறார். தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் அசலோடு கூடிக்கொண்டே போகும். துணியில் குறை இருந்தாலும் இதே நிலைதான்: 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் துணி ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பதால், தொலைபேசியில் எத்தனை முறை குறை சொல்லியிருந்தாலும் அது கணக்கில் வராது. ஆகவே எழுத்துப் பதிவு, கூலி பெறுபவரைக் காட்டிலும் கூலி கொடுப்பவருக்கே சில இடங்களில் கூடுதல் பாதுகாப்பாகிறது. கேட்பவர் தயங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

எழுதும் முறைக்கு வந்தால், பேசிய அன்றே, கணக்கு சுமுகமாக இருக்கும்போதே அனுப்பப்படும் செய்தி வழக்கமான அலுவலாகத் தெரியும். மனத்தாங்கல் எழுந்த பின் அனுப்பப்படுவது, எவ்வளவு பணிவாக எழுதப்பட்டாலும், வழக்குக்கு ஆயத்தமாகவே படும். தன் பொறுப்பை முதலில் சொல்லி, பிறகு எதிர்த்தரப்பின் பொறுப்பைச் சொல்வதும், ‘நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்’ என்று கட்டாமல் ‘இப்படிக் குறித்திருக்கிறேன்’ என்று தன் குறிப்பைத் திருத்தத்துக்கு வைப்பதும் தொனியைத் தணிக்கின்றன. மேற்சொன்ன ஐந்து பாவுக்கு அத்தகைய செய்தி இவ்வாறு அமையலாம்:

“வணக்கம் அண்ணாச்சி. காலையில் பேசினபடி 5 பாவும் ஊடை நூலும் வந்து சேர்ந்தது. அகலமும் பிக்கும் போன தடவை ஓட்டினதே. 20ஆம் தேதிக்குள் துணி கொடுத்துவிடுகிறேன். கூலி, மடித்து அளந்த மீட்டருக்கு 3 ரூபாய். பணம், துணி எடுத்ததிலிருந்து 30 நாளில். இப்படித்தான் நோட்டில் குறித்திருக்கிறேன். ஏதும் மாறியிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். சரியென்றால் ஒரு வரி போட்டுவிடுங்கள்.”

‘பிக்’ என்பது ஓர் அங்குலத்தில் விழும் ஊடை இழைகளின் எண்ணிக்கை. அது கூடினால் ஒரு மீட்டர் நெய்யத் தறி ஓடவேண்டிய நேரமும் கூடுவதால், கூலியோடு சேர்த்துக் குறிக்கவேண்டிய ஒன்று. புதிய துணி ரகமாக இருந்தால் ‘போன தடவை ஓட்டினது’ என்பது போதாது, எண்ணையே எழுதிவிடவேண்டும். இச்செய்தியின் இறுதிச் சொற்றொடர் மரியாதைக்காக மட்டும் சேர்க்கப்பட்டதன்று. வணிகர்களுக்கிடையே அனுப்பப்படும் உறுதிக் கடிதத்துக்கு உடனே மறுப்புச் சொல்லாதவர் அதற்குக் கட்டுப்பட்டவராவார் என்ற வழக்கு ஜெர்மனியில் நிலைபெற்றிருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய பொதுவிதி இல்லாததால், ஒருவர் எழுதி மற்றவர் மௌனமாக இருந்தால் ‘எழுத்தில் ஒப்புக்கொண்டது’ என்று துணிந்து சொல்ல இயலாது. பதிலாக வரும் ‘சரி’ என்ற ஒரு சொல் அந்தக் குறையைப் பெருமளவு நீக்குகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அமைந்துள்ள திருவில்லிபுத்தூர் வரை ஒரு தகராறு போகுமானால், அங்கு எது சான்றாக நிற்கும் என்பதும், ஒருவர் மட்டும் எழுதியதா இருவரும் ஒப்புக்கொண்டதா என்ற இதே வேறுபாட்டைப் பொறுத்தது. முறையாக எழுதப்பட்டு வரும் கணக்கு நோட்டு சான்றாக ஏற்கப்படும் என்றாலும், அதை மட்டும் வைத்து எதிர்த்தரப்பின் மேல் கடனைச் சுமத்த முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் உள்ள விதி. அதனால்தான் தன் நோட்டில் எழுதிவைப்பதும் எதிர்த்தரப்புக்கு எழுதுவதும் ஒன்றாகா. வாட்ஸ்அப் செய்தியும் செல்லும். ஆனால் மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் வேண்டும் என்பதால், செய்தி தானாக மறையும் அமைப்பை நிறுத்திவைப்பதும், தொலைபேசியை மாற்றும்போது உரையாடலைக் காப்பதும் அவசியம்.

பெரியவராகவும் நெடுநாள் பழக்கமுள்ளவராகவும் இருக்கும் உற்பத்தியாளருக்குச் செய்தி அனுப்பி ‘சரி’ கேட்பதே கூச்சமாகப் படும் இடங்களில், ஏற்கெனவே கைமாறும் தாளே போதும். ஜிஎஸ்டி பதிவுள்ள உற்பத்தியாளர் கூலி வேலைக்கு நூல் அனுப்பும்போது, அனுப்பும் பொருளையும் அளவையும் குறித்த டெலிவரி சலானோடுதான் அனுப்பவேண்டும். அதில் கூலி விகிதத்தையும் மடிப்பு மீட்டர் என்பதையும் தவணை நாளையும் ஒரு வரியாக எழுதி, நூல் இறக்கும்போது இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால், தனியாக எதையும் கேட்கவேண்டிய தேவையே எழாது. நடுவில் கூலி உயர்ந்தால், புதிய விகிதம் எந்தப் பாவிலிருந்து தொடங்குகிறது என்பதை அடுத்த சலானில் குறிக்கவேண்டும். தறியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாவுக்குப் பழைய கூலியா புதிய கூலியா என்பது, மீட்டர் கணக்கைப் போலவே, யாரும் பேசாமல் விட்டுவிடும் ஒன்று.