நண்பர்கள் தினச் சலுகை: எட்டுப் பேரின் பில்லில் எவ்வளவு குறையும்?

இந்தியாவில் நண்பர்கள் தினம் ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கொண்டாடப்படுகிறது. ஐ.நா. சபை 2011-இல் அறிவித்த சர்வதேச நட்பு தினம் ஜூலை 30. கஃபேக்கள் சலுகை அறிவிப்பது பெரும்பாலும் ஆகஸ்ட் ஞாயிறை ஒட்டித்தான். கல்லூரி நண்பர்களுக்கு அந்த நாள் வசதி. அலுவலக நண்பர்களோ வெள்ளி மாலையிலோ திங்கள் மதியத்திலோதான் கூடுவார்கள். அதனால் சலுகை ஞாயிறு மட்டுமா, வார இறுதி முழுவதுமா என்பதை அவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழுவாக வருவோருக்கான சலுகைகள் பொதுவாக மூன்று வகை: மொத்த பில்லில் சதவீதத் தள்ளுபடி, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்', நான்கு பேருக்கான காம்போ. எது லாபம் என்பது விளம்பரத்தில் தெரியாது; கணக்குப் போட்டால்தான் தெரியும்.

எட்டுப் பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கோல்டு காபி 160 ரூபாய், ஒரு சாண்ட்விச் 180 ரூபாய். மொத்தம் 2,720 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,856 ரூபாய்.

முதல் சலுகை: ஆறு பேருக்கு மேல் வந்தால் 20 சதவீதத் தள்ளுபடி, அதிகபட்சம் 400 ரூபாய். இருபது சதவீதம் என்றால் 544 ரூபாய் குறைய வேண்டும். ஆனால் உச்சவரம்பு இருப்பதால் 400 ரூபாய்தான் குறையும். வரியுடன் 2,436 ரூபாய் வரும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக உண்மையான தள்ளுபடி விகிதம் சுருங்கிக்கொண்டே போகும் என்பதுதான் இந்தச் சலுகையின் குணம்.

இரண்டாவது: ஒரு பானம் வாங்கினால் இன்னொன்று இலவசம். நான்கு காபிக்கு மட்டும் பணம். சாண்ட்விச்சுடன் 2,080 ரூபாய், வரியுடன் 2,184 ரூபாய். ஆளுக்கு 273 ரூபாய். காபி, டீயின் விலையில் மூலப்பொருள் செலவு சிறு பங்குதான் என்பதால் கடைக்கும் இது கட்டுப்படியாகிறது.

மூன்றாவது: நால்வருக்கு நான்கு பானம், நான்கு சாண்ட்விச், ஒரு தட்டு பிரெஞ்ச் ஃபிரைஸ் சேர்த்து 1,199 ரூபாய். எட்டுப் பேருக்கு இரண்டு காம்போ 2,398 ரூபாய். வரியுடன் ஏறக்குறைய 2,518 ரூபாய். ஃபிரைஸ் எப்படியும் வாங்குவதாக இருந்தால் இது நியாயமான விலை. வேண்டாதவர்களுக்கு இரண்டாவது சலுகையை விட 334 ரூபாய் கூடுதல் செலவு.

'ஒன்று இலவசம்' சலுகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விலை வேறுபட்டால் குறைந்த விலைப் பானமே இலவசம் என்பது வழக்கமான நிபந்தனை. நான்கு பேர் 160 ரூபாய் காபியும், நான்கு பேர் 100 ரூபாய் லெமன் டீயும் கேட்டால், காபியோடு டீ ஜோடி சேர்க்கப்படும்போது பானங்களுக்கு 640 ரூபாய் ஆகும். காபிக்குக் காபி, டீக்கு டீ என ஜோடி சேர்த்தால் 520 ரூபாய்தான். பில் போடும் முன்பே ஜோடியைச் சொல்லிவிட்டால் 120 ரூபாய் மிச்சம்.

ஆள் குறைந்தாலும் கணக்கு மாறும். எட்டுப் பேருக்கு டேபிள் பதிவு செய்து ஐந்து பேர் மட்டும் வந்தால், ஆறு பேருக்கு மேல் என்ற சலுகை கிடைக்காது. வருவோர் எண்ணிக்கை உறுதியில்லாத அலுவலகக் குழுவுக்கு, ஆள் கணக்குக்குக் கட்டுப்படாத 'ஒன்று இலவசம்' பொருத்தம். ஆளுக்கொரு தனி பில் கேட்பதும் சலுகையைக் கெடுக்கலாம். ஒரே பில்லாக ஒருவர் கட்டிவிட்டு, மற்றவர்கள் யு.பி.ஐ.யில் பங்கை அனுப்புவது எளிது.

பில் வந்ததும் இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். தள்ளுபடி பில்லிலேயே காட்டப்பட்டிருந்தால், ஜி.எஸ்.டி. அது கழித்த தொகைக்குத்தான். முழு விலைக்கு வரி போட்டுவிட்டுப் பிறகு தள்ளுபடி கழித்திருந்தால் காரணம் கேட்கலாம். அடுத்தது சேவைக் கட்டணம். 2,080 ரூபாய்க்குப் பத்து சதவீதம் என்றால் 208 ரூபாய். சலுகையில் மிஞ்சியதில் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும். இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வரி கட்டாயம், சேவைக் கட்டணம் விருப்பம்.

டேபிள் பதிவு செய்யும்போதே செல்லுபடியாகும் நாள், குறைந்தபட்ச ஆள், உச்சவரம்பு, வேறு கார்டு சலுகையோடு சேருமா ஆகிய நான்கையும் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைப்பது நல்லது. கேட்டும் சேவைக் கட்டணத்தை நீக்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.