வேலையை விட்டால் ஈசாப் என்ன ஆகும்?

ஸ்டார்ட்அப் நிறுவனம் தரும் ஆஃபர் லெட்டரில், சம்பள விவரத்துக்குக் கீழே இன்னொரு வரி இருப்பதுண்டு. ‘உங்களுக்கு 4,800 ஆப்ஷன்கள் வழங்கப்படும், வெஸ்டிங் காலம் 4 ஆண்டுகள், எக்சர்சைஸ் விலை 10 ரூபாய்.’ பேச்சுவழக்கில் ஈசாப் என்று சொல்லப்படும் ஊழியர் பங்குத் திட்டம் இதுதான். சேரும் நாளில் இந்த வரியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இதன் மதிப்பு எவ்வளவு?’ அதைவிட முக்கியமான கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. நான் வேலையை விட்டுப் போனால் இது என்ன ஆகும்?

நல்லபடியாக முடிந்த கதைகள் நமக்குத் தெரியும். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். ஆனால் பெரும்பாலான ஸ்டார்ட்அப் ஊழியர்கள் நிறுவனம் சந்தைக்கு வரும்வரை அங்கேயே இருப்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளில் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஈசாப்பின் உண்மையான மதிப்பு தெரியவருவது கிளம்பும்போதுதான்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஆப்ஷன் என்பது பங்கு அல்ல. இன்று பேசி வைத்த விலையில் பின்னொரு நாள் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. நிலத்துக்கு விலை பேசி அக்ரிமெண்ட் போட்டு வைப்பது போலத்தான். கிரயம் முடியும்வரை நிலம் உங்களுடையது இல்லை. அதேபோல ஆப்ஷனைப் பங்காக மாற்றும்வரை டிவிடெண்டும் இல்லை, வாக்குரிமையும் இல்லை. அதை வேறொருவருக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

அந்த உரிமை ஒரே நாளில் முழுதாகக் கைக்கு வந்துவிடாது. வேலை பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதற்குப் பெயர் வெஸ்டிங். ஆப்ஷன் வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு முடியாமல் எதுவும் வெஸ்ட் ஆகக்கூடாது என்று இந்திய நிறுவனங்கள் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. அந்த முதல் ஆண்டைத்தான் ‘கிளிஃப்’ என்கிறார்கள். அதன் பிறகு மாதாமாதமோ, காலாண்டுக்கு ஒருமுறையோ, ஆண்டுக்கு ஒருமுறையோ சேர்வது நிறுவனத்தின் திட்டத்தைப் பொறுத்தது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு மென்பொருள் பொறியாளர்; ஆண்டுச் சம்பளம் 30 லட்சம் ரூபாய். மேலே சொன்ன 4,800 ஆப்ஷன்கள் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. ஓராண்டு முடிந்ததும் 1,200 ஆப்ஷன்கள் வெஸ்ட் ஆகின்றன. அதற்குப் பின் மாதம் 100. பதினோராவது மாதத்தில் அவர் கிளம்பியிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இவர் 32 மாதங்கள் வேலை பார்த்துவிட்டு விலகுகிறார். 3,200 ஆப்ஷன்கள் வெஸ்ட் ஆகிவிட்டன. மீதி 1,600 விலகிய அன்றே காலாவதியாகிவிடும்.

இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த 32 மாதக் கணக்கில் நோட்டீஸ் காலம் சேருமா, சேராதா? சில திட்டங்களில் கடைசி வேலை நாள்வரை வெஸ்டிங் நடக்கும். சிலவற்றில் ராஜினாமா கடிதம் கொடுத்த அன்றே நின்றுவிடும். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால், இவருக்கு 300 ஆப்ஷன்கள் இந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகின்றன. இதற்கான பதில் ஆஃபர் லெட்டரில் இருக்காது; ‘ஈசாப் ஸ்கீம்’ என்ற தனி ஆவணத்தில்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கினால்தான் கைக்கு வரும்.

சரி, 3,200 ஆப்ஷன்கள் கையில் இருக்கின்றன. இனி இவர் அவற்றை எக்சர்சைஸ் செய்ய வேண்டும். அதாவது விலை கொடுத்துப் பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு எவ்வளவு அவகாசம் என்பதில்தான் பலருக்கு அடி விழுகிறது. நிறைய நிறுவனங்கள் விலகியவருக்குக் கொடுப்பது 90 நாட்கள். அதற்குள் வாங்காவிட்டால் வெஸ்ட் ஆனவையும் போய்விடும்.

90 நாள் கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒருவகை ஆப்ஷனுக்கு வரிச்சலுகை உண்டு. வேலையை விட்டு மூன்று மாதங்களுக்குள் எக்சர்சைஸ் செய்தால்தான் அந்தச் சலுகை நிலைக்கும். அதை ஒட்டி அங்குள்ள நிறுவனங்கள் 90 நாள் கெடு வைத்தன. இந்தியாவில் அப்படியொரு வரிச்சலுகை இல்லை. விலகியவருக்கு எத்தனை நாள் தருவது என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்ளச் சட்டம் விட்டிருக்கிறது. ஆனாலும் வார்ப்பு ஆவணங்கள் வழியாக அந்த 90 நாள் இங்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. அமெரிக்காவிலேயே பின்டெரெஸ்ட் நிறுவனம் 2015-இல், குறைந்தது இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவகாசத்தை ஏழு ஆண்டுகளாக நீட்டித்தது. இந்தியாவிலும் சில நிறுவனங்கள் பல ஆண்டுகள் தருகின்றன. இது மாற்றவே முடியாத விதி இல்லை. நிறுவனம் எடுக்கும் முடிவு. அதனால் கேட்கலாம்.

90 நாள் ஏன் போதாது? நம் பொறியாளர் பங்குக்காகக் கட்ட வேண்டியது 3,200 பெருக்கல் 10, அதாவது 32,000 ரூபாய்தான். பாரமான தொகை இல்லை. பாரம் வருமான வரியில் இருக்கிறது. எக்சர்சைஸ் செய்யும் நாளில் பங்கின் சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை, சம்பளத்தோடு சேர்ந்த வருமானமாக வருமான வரிச் சட்டம் பார்க்கிறது. பட்டியலிடப்படாத நிறுவனத்துக்குச் சந்தை விலை கிடையாது. அதனால் மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் மதிப்பிட்டுச் சான்று தருவார்.

அந்தச் சான்றில் பங்கின் மதிப்பு 610 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 600. அதை 3,200-ஆல் பெருக்கினால் 19,20,000 ரூபாய். கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை; ஆனால் இவ்வளவு சம்பாதித்ததாகக் கணக்கு. இவருடைய சம்பளம் ஏற்கெனவே 30 சதவீத வரிப் படிநிலையைத் தொட்டுவிட்டதால், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் வரி வரும். அது 5,99,040 ரூபாய். இந்த வரியை டிடிஎஸ்ஸாகப் பிடித்துக் கட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், அந்தத் தொகையையும் இவரிடம் வசூலித்துக்கொண்டுதான் பங்கை ஒதுக்குவார்கள். மொத்தம் 6,31,040 ரூபாய், 90 நாட்களுக்குள். வாங்கும் பங்கையோ உடனே விற்க முடியாது. வாங்க ஆள் இருந்தாலும் நிறுவனத்தின் சம்மதம் வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட்அப்புகளுக்கு இதில் சலுகை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 2020 நிதிச் சட்டம் வரியைத் தள்ளிப்போட வழி செய்தது. பங்கு ஒதுக்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகும் நாள், பங்கை விற்கும் நாள், வேலையை விடும் நாள் ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ அப்போது கட்டினால் போதும். மூன்றாவதைக் கவனியுங்கள். வேலையை விட்டதுமே சலுகை முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இது 80-ஐஏசி பிரிவின் கீழ் தகுதிச் சான்று பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும்தான். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புகளில் சிறு பகுதியே அந்தச் சான்றை வைத்திருக்கிறது. விலகுகிறவருக்கு இது கைகொடுக்காது.

பணம் கட்டியாயிற்று. இனி இரண்டு விதமாக நடக்கலாம். மூன்று ஆண்டு கழித்து வேறொரு நிறுவனம் இதைப் பங்குக்கு 1,000 ரூபாய் கொடுத்து வாங்குகிறது என்றால், கைக்கு 32 லட்சம் வரும். 610-க்கு மேல் உள்ள லாபத்துக்கு மட்டும் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், செஸ்ஸோடு சுமார் 1.62 லட்சம். போட்ட பணமும் வரியும் போக ஏறக்குறைய 24 லட்சம் நிற்கும். மாறாக, நிறுவனம் தடுமாறிப் பங்கு 100 ரூபாய்க்குத்தான் போனது என்றால், கிடைப்பது 3.2 லட்சம். கட்டிய 6.31 லட்சத்தில் ஏறக்குறைய பாதியை மட்டுமே மீட்க முடிகிற நிலை. 610-இலிருந்து 100-க்கு விழுந்த நஷ்டத்தை நீண்டகால மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது. கட்டிய வரியும் திரும்பி வராது.

இதனால்தான் விலகுகிறவர் ‘இவ்வளவு நாள் உழைத்தது வீணாகக்கூடாது’ என்ற எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். இதே 6.31 லட்சம் ரூபாய் கையில் இருந்தால், இந்த நிறுவனத்தின் பங்கில் இன்று போடுவேனா? ஆம் என்றால் வாங்கலாம். தயக்கம் இருந்தால், திட்டம் அனுமதிக்கும் பட்சத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கலாம். 1,000 பங்கு என்றால் விலையும் வரியும் சேர்த்து 1,97,200 ரூபாயில் முடிந்துவிடும். இந்த முடிவுக்கு உதவும் இன்னொரு தகவல், முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகை. நிறுவனம் 100 கோடிக்கு விற்கப்பட்டு, முதலில் முதலீட்டாளர்கள் 80 கோடியை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இருந்தால், ஊழியர் உள்ளிட்ட மற்றவர்களுக்கு மிச்சம் 20 கோடிதான்.

எல்லா விலகலும் ராஜினாமா அல்ல. ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால், அதுவரை வழங்கப்பட்ட ஆப்ஷன்கள் அனைத்தும், வெஸ்ட் ஆகாதவையும் சேர்த்து, வாரிசுக்கோ நாமினிக்கோ வெஸ்ட் ஆக வேண்டும் என்று விதி சொல்கிறது. நிரந்தர உடல் இயலாமைக்கும் அதேபோன்ற பாதுகாப்பு உண்டு. இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஆப்ஷன் விவரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்பது அவசியம். மறுபுறம், ஒழுங்கு நடவடிக்கையாக வேலை நீக்கம் செய்யப்பட்டால் வெஸ்ட் ஆனவற்றையும் ரத்து செய்யும் உரிமையைப் பல திட்டங்கள் நிறுவனத்துக்குத் தருகின்றன. எதெல்லாம் அந்த வகைக் குற்றம் என்ற விளக்கம் எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

பேப்பர் போடுவதற்கு முன்பே எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு: இன்றுவரை வெஸ்ட் ஆனவை எத்தனை, நோட்டீஸ் காலத்தில் வெஸ்டிங் தொடருமா, எக்சர்சைஸ் செய்யக் கடைசித் தேதி எது, தற்போதைய மதிப்பீட்டுச் சான்றில் பங்கின் விலை என்ன. அடுத்த வெஸ்டிங் தேதி பத்து நாளில் வருகிறது என்றால் ராஜினாமாவைத் தள்ளிப்போடுவது நியாயமான முடிவு. ஆனால் 90 நாளை இரண்டு ஆண்டாக்கச் சொல்லிக் கேட்பதற்குச் சரியான நேரம் சேரும் நேரம்தான். சம்பளத்தில் ஐம்பதாயிரம் கூட்டித் தரச் சொல்லிப் பேரம் பேசும் அதே மேசையில், இந்த ஒரு வாக்கியத்தையும் பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். நிறுவனத்துக்கு அன்றைய தேதியில் அதனால் ஒரு ரூபாய்ச் செலவும் இல்லை. உங்களுக்கோ, மூன்று ஆண்டு கழித்து ஆறு லட்சம் கடன் வாங்குவதா, உழைத்துச் சேர்த்ததை விட்டுவிடுவதா என்ற நெருக்கடியே வராமல் போகும்.